நீயெல்லாம் ஒரு மனுஷனா?

'உபுண்டு' என்ற சொல்லை நான் முதன்முதலில் பார்த்தது கல்லூரிக் கணினி ஆய்வகத்தில். மெஷினைப் போட்டதும் ஊதாத் திரையில் அந்தப் பெயர் வரும். லேப் அண்ணனிடம் அர்த்தம் கேட்டேன். "ஆப்பிரிக்கா வார்த்தைப்பா. எல்லாரும் பகிர்ந்து வாழணும்னு அர்த்தம்" என்றார். இலவச மென்பொருளுக்குப் பொருத்தமான பெயர்தான் என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சொல்லுக்குப் பின்னால் கொலைகளும் மன்னிப்பு விண்ணப்பங்களும் ஒரு நீதிமன்ற வழக்கும் இருக்கின்றன என்பது, பல வருடம் கழித்துத் தென்னாப்பிரிக்க வரலாற்றைப் படிக்கும்போதுதான் தெரிந்தது.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். ஜூலு, கோசா மொழிகளில் 'ன்டு' என்பது வேர். முன்னால் 'உமு' சேர்த்தால் ஒரு மனிதர். 'அப' சேர்த்தால் மக்கள். 'உபு' சேர்த்தால் மனிதராக இருக்கும் தன்மை. நாம் 'மை' விகுதியைப் பின்னால் ஒட்டுகிறோம், அவர்கள் முன்னால் ஒட்டுகிறார்கள், அவ்வளவுதான். 'உமுன்டு ங்குமுன்டு ங்கபன்டு' என்பது பழமொழி. மனிதர் மற்ற மனிதர்களால்தான் மனிதர்.

இதில் 'மனிதர்' இரண்டு தடவை வருகிறது, இரண்டும் ஒன்றல்ல. முதல் மனிதர் பிறந்துவிட்டவர். இரண்டாவது மனிதர் ஆக வேண்டியவர். அதனால்தான் கொடுமை செய்பவனைப் பார்த்து அந்த மொழிகளில் 'அது மனிதர் இல்லை' என்று சொல்ல முடிகிறது. நமக்கு இது புதுசே இல்லை. "நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பதும் இதே இலக்கணத்தில்தான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நாம் அப்படிக் கேட்டுவிட்டு அவனைத் தள்ளி வைத்துவிடுவோம். உபுண்டுவில் தள்ளி வைப்பதோடு கணக்கு தீராது. நான் மனிதராவது மற்றவர்கள் வழியாகத்தான் என்றால், ஒருவன் மனிதனாக இல்லாமல் போனதில் எனக்கும் கொஞ்சம் குறைந்துபோகிறது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒருவன் உங்கள் மகனைக் கொன்றவனாக இருந்தால்?

நிறவெறி ஆட்சி முடியும் தறுவாயில், 1993-இல் எழுதப்பட்ட இடைக்கால அரசியலமைப்பின் பின்னுரையில் இந்தச் சொல் ஏறியது. பழிவாங்கல் வேண்டாம், புரிதல் வேண்டும். பதிலடி வேண்டாம், இழப்பீடு வேண்டும். பலிகடா ஆக்குவது வேண்டாம், உபுண்டு வேண்டும் என்கிற பொருளில் ஒரு வாக்கியம். 1995 ஜூன் 6 அன்று மக்வன்யானே வழக்கில் புதிய அரசியலமைப்பு நீதிமன்றம் மரண தண்டனையை ரத்து செய்தபோது, பல நீதிபதிகள் இந்தச் சொல்லைக் கையில் எடுத்தார்கள். நீதிபதி யுவோன் மொக்கோரோ அந்தப் பழமொழியையே தன் தீர்ப்பில் விளக்கினார். அந்த வழக்கில் தண்டிக்கப்பட்டவர்கள் அப்பாவிகள் இல்லை, கொலைகாரர்கள். கொலைகாரனின் உயிருக்கும் மதிப்பு உண்டு என்று சொல்லத்தான் இந்தச் சொல் தேவைப்பட்டது.

அதே பின்னுரைதான் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்துக்கும் அடித்தளம். தலைவர் பேராயர் டெஸ்மண்ட் டூட்டூ. ஏற்பாடு இதுதான்: அரசியல் காரணத்துக்காகக் குற்றம் செய்தவர் முழு உண்மையையும் சொன்னால் மன்னிப்புப் பெறலாம். வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. ஆனால் மன்னிப்புக் கிடைத்துவிட்டால் அவர்மேல் கிரிமினல் வழக்கும் கிடையாது, நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கும் கிடையாது.

1986 மார்ச் 3 அன்று கேப் டவுனை ஒட்டிய குகுலேத்துவில் ஏழு இளைஞர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. தீவிரவாதிகளுடன் மோதல் என்றது அரசு. பத்து வருடம் கழித்து ஆணையத்தில்தான் கதை வெளியே வந்தது. ஃபிளாக்பிளாஸ் என்ற ரகசியப் போலீஸ் பிரிவு தன் ஆட்களைப் போராளிகள் வேடத்தில் அனுப்பி, அந்தப் பையன்களோடு பழகவிட்டு, பயிற்சி கொடுத்து, தயாராக இருந்த பொறிக்குள் கூட்டிப்போயிருக்கிறது. கிறிஸ்டோபர் பீட் அந்த ஏழு பேரில் ஒருவர். அவருடைய உடலைக் கயிறு கட்டி இழுப்பதை அம்மா சிந்தியா ங்கேவு பார்த்தது டிவி செய்தியில். போலீஸ் எடுத்த வீடியோவை விசாரணையில் போட்டுக் காட்டியபோது, அங்கே இருந்த அம்மாக்கள் உடைந்துபோனார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றி வீசினார். உபுண்டு பற்றிப் பேசுகிற பல கட்டுரைகளில் அந்தச் செருப்பைக் காணோம். நான் அதை விட மாட்டேன்.

கொலையில் ஈடுபட்ட ஃபிளாக்பிளாஸ் போலீஸ்காரர்களில் ஒருவர் தபேலோ ம்பேலோ, கறுப்பினத்தவர். அவர் அந்த அம்மாக்களை நேரில் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். சொந்த இரத்தத்தையே விற்றவன் என்ற கோபம் அந்த அறையில் இருந்தது. சிந்தியா ங்கேவு அவருடைய பெயரைப் பற்றிக் கேட்டார். தபேலோ என்றால் பிரார்த்தனை என்று அர்த்தம். நீயும் என் மகன் வயசுதான் என்றார். மன்னித்தார்.

நல்லிணக்கம் என்றால் என்ன என்று அவர் வேறொரு சமயம் சொன்னதன் சாரம் இது: என் மகனைக் கொன்றவன் திரும்ப மனிதனாகிறான், அதன் வழியாக எங்கள் மனிதத்தன்மை எங்களுக்குத் திரும்பக் கிடைக்கிறது என்பதுதான் அர்த்தமென்றால், எனக்குச் சம்மதம். பழமொழி முழுசாக இதில் இருக்கிறது. பெருந்தன்மை என்று இதைச் சொல்லிவிட எனக்கு மனசு வரவில்லை. தனக்கும் ஒன்று திரும்பி வர வேண்டும் என்றுதான் அவர் கேட்கிறார். அந்த 'என்றால்' ரொம்ப முக்கியம். நிபந்தனையோடு வந்த சம்மதம் அது.

அந்த நிபந்தனையை ஏற்க முடியாதவர்களும் இருந்தார்கள். கறுப்பு விழிப்புணர்வு இயக்கத்தின் தலைவர் ஸ்டீவ் பீக்கோ 1977-இல் போலீஸ் காவலில் செத்தார். அவருடைய மனைவி ந்ட்சிக்கி பீக்கோவும் வேறு சில குடும்பங்களும் அஸாப்போ அமைப்புடன் சேர்ந்து, மன்னிப்புச் சட்டத்தையே எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். நீதிமன்றத்துக்குப் போகும் எங்கள் உரிமையைப் பறிக்க நீங்கள் யார் என்பதுதான் கேள்வி. 1996 ஜூலையில் தோற்றார்கள். சட்டம் செல்லும் என்ற தீர்ப்பு அந்தப் பின்னுரையின் மேல்தான் நின்றது. பீக்கோவைப் பிடித்து வைத்திருந்த போலீஸ்காரர்களுக்கு 1999-இல் ஆணையம் மன்னிப்பை மறுத்தது. அதற்குப் பிறகும் யாரும் தண்டிக்கப்படவில்லை. 2003-இல், வழக்குத் தொடரப் போதிய ஆதாரம் இல்லை என்று அரசுத் தரப்பு கைவிரித்தது.

ந்ட்சிக்கி பீக்கோவுக்கு உபுண்டு இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். உறவில்தான் மனிதர் மனிதராகிறார் என்றால், உறவை முறித்தவன்தான் முதலில் நடந்து வர வேண்டும். ம்பேலோ வந்தார். பீக்கோ வழக்கின் போலீஸ்காரர்கள் மன்னிப்பு விண்ணப்பம் கொடுத்துவிட்டு, சாவை விபத்து போலச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று. பின்னுரையின் அதே வாக்கியத்தில் இழப்பீடும் இருந்தது அல்லவா? பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறு வருடம், வருடாவருடம் பணம் தரச் சொன்னது ஆணையம். 2003-இல் அரசு தந்தது ஒரே ஒரு தடவை, ஆளுக்கு 30,000 ராண்ட். நிறவெறியில் லாபம் பார்த்த கம்பெனிகளிடம் சிறப்பு வரி வாங்கலாம் என்ற யோசனையும் தள்ளப்பட்டது. அம்மாக்களிடம் மட்டும் முழு உபுண்டுவும் கேட்கப்பட்டது. 1996-இல் வந்த நிரந்தர அரசியலமைப்பில் அந்தச் சொல்லே இல்லை.

குகுலேத்து கொலைகளில் ஈடுபட்ட போலீஸ்காரர்கள் பலர். மன்னிப்பு கேட்டு ஆணையத்துக்கு விண்ணப்பித்தவர்கள் ம்பேலோவும் இன்னொருவரும்தான்.