பூப்பந்து நாக்அவுட் அட்டவணை: படத்திலுள்ள பெயர்ப் பட்டியலிலிருந்து

கைப்பேசியில் படமெடுத்த பதிவுத்தாளிலிருந்து அட்டவணை போடுபவர் முதலில் உறுதிசெய்ய வேண்டியது எண்ணிக்கை. அடித்த பெயர், மடிப்பில் மறைந்த கடைசி வரி, இரு வரிகளில் எழுதிய ஒரே இரட்டையர் இணை ஆகியவை கணக்கைக் கெடுக்கும். வரிசை எண்ணையும் கட்டணக் கணக்கையும் ஒப்பிட்டால் பிழை தெரியும். ஒற்றையரில் 13 பேர் என்றால், இரண்டின் அடுத்த அடுக்கான 16 இடங்களில் 3 காலியாகும். அந்த 3 'பை'களையும் முதல் சுற்றிலேயே வைக்க வேண்டும். 1, 16ஆம் இடங்களில் இருக்கும் தரநிலை வீரர்கள் இருவருக்கும் ஒவ்வொன்று. மூன்றாவது வேறொரு கால்பகுதியில், குலுக்கலில் விழும். முதல் சுற்றில் 5 ஆட்டங்கள், பிறகு 8 பேர்.

ஒவ்வொரு சுற்றிலும் மிஞ்சுபவரை மட்டும் காக்க வைத்தால் போதாதா எனச் சிலர் கேட்பர். அதிலும் மொத்தம் 12 ஆட்டங்களே. ஆனால் 13 பேர் 7 ஆகி, 7 பேர் 4 ஆகும்போது, இருமுறையும் ஒருவரே மிஞ்சினால் அவர் ஓர் ஆட்டமும் ஆடாமல் அரையிறுதிக்குப் போய்விடுவார். இது நியாயமன்று.

இரண்டு கோர்ட்டுகளில், முதல் நான்கு ஆட்டங்களை இரண்டிரண்டாக முடித்தபின், ஐந்தாவதுடன் முதல் ஆட்டத்தில் வென்றவரின் காலிறுதியை நடத்தலாம். அவருக்கு ஓர் ஆட்ட நேர ஓய்வு கிடைத்திருக்கும். வென்றவரை உடனே மறுபடி இறக்கும் வரிசையை மாற்றியே தீர வேண்டும்.