வீடியோவுல குரல் கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கா? சின்ன ரூமில் எக்கோ, இரைச்சலைக் குறைப்பது எப்படி?

ஆண்டிபட்டியை ஒட்டியுள்ள சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரம் பகுதிகள் நெசவுக்குப் பேர்போனவை. அங்கே ஒருவர் 10-க்கு 10 அடி கான்கிரீட் ரூமில் நின்று, வாட்ஸ்அப்பில் போட சேலை வீடியோ எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கலர் பளிச்சுனு தெரியுது. ஆனா விலை 650-ஆ, 850-ஆனு காதில் சரியா விழல. ஏன்?

எக்கோ வேற, இரைச்சல் வேற

வெறும் சுவரில் பட்ட குரல் திரும்பி வருகிறது. 10 அடி தள்ளி இருக்கும் சுவரைத் தொட்டுத் திரும்ப ஒரு நொடியில் 50-ல் ஒரு பங்குகூட ஆகாது. அதனால் அது தனிச் சத்தமாகக் கேட்காமல், பேச்சோடு ஒட்டிக்கொண்டு சொற்களைக் குழப்பிவிடுகிறது. இதுதான் எக்கோ பிரச்சனை. ஃபேன், பக்கத்து வீட்டுத் தறி சத்தம் எல்லாம் இரைச்சல்.

எது உங்க பிரச்சனை? ஒருமுறை பலமா கைதட்டுங்க. தட்டி முடிச்ச பிறகும் 'ங்ங்'னு ஒலி நீண்டால் சுவர்தான் காரணம். பிறகு பேசாமல் 10 விநாடி ரெக்கார்டு செய்து, இயர்போனில் கேளுங்க. அதில் கேட்பது எல்லாம் இரைச்சல்.

முதல் வேலை: மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டு வாங்க

தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் நேரடிக் குரல் 6 டெசிபல் கூடும். சுவரிலிருந்து திரும்பும் ஒலி அந்த அளவுக்குக் கூடாது. 4 அடியிலிருந்து அரை அடிக்கு வந்தால் 18 டெசிபல் லாபம்.

ஆனா அரை அடியில் போனை வைத்தால் சேலை ஃபிரேமுக்குள் வராது. அதற்கு இன்னொரு போன் போதும். அதில் வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் செய்து, மைக் இருக்கும் முனை மேலே இருக்கும்படி, வாய்க்கு அரை அடி கீழே தொங்கவிடுங்க. துணி உரசக் கூடாது. தொடக்கத்தில் ஒரு கைதட்டு. எடிட் செய்யும்போது அந்தத் தட்டலை வைத்து வீடியோவையும் ஆடியோவையும் பொருத்திவிடலாம்.

மைக் உள்ள வயர் இயர்போனும் உதவும். ஆனா சில கேமரா ஆப்கள் அதை எடுத்துக்கொள்ளாது. ரெக்கார்டு ஓடும்போது மைக்கை நகத்தால் சுரண்டிப் பாருங்க. அந்தச் சத்தம் பெரிதாகப் பதிவானால் அது வேலை செய்கிறது.

அடுத்து: துணி

சேலைக் கட்டுகளே எக்கோவுக்கு மருந்து. உங்க முகத்துக்கு நேர் எதிரே, அதாவது போனுக்குப் பின்னால் இருக்கும் சுவர்ப் பக்கம் அடுக்குங்க. பக்கச் சுவர் ஒன்றில் ஜமுக்காளமோ போர்வையோ மடிப்பு மடிப்பாக, சுவரை விட்டு இரண்டு மூன்று அங்குலம் தள்ளித் தொங்கவிடுங்க. மெல்லிய ஒற்றைச் சேலை மட்டும் போதாது.

துணியால் முடியாதது

வெளியிலிருந்து வரும் தறிச் சத்தத்தைத் துணி தடுக்காது. ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, தறி ஓடாத நேரத்தில் எடுப்பதே வழி. எடிட்டிங் ஆப்பில் 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' அதிகம் வைத்தால், குரல் தண்ணிக்குள் பேசுவது போல ஆகிவிடும்.

முழு வீடியோவுக்கு முன், விலையை மட்டும் சொல்லி 10 விநாடி எடுங்க. அதை வேறொருவரிடம் கொடுத்து விலையைக் கேளுங்க. சரியா சொல்லிட்டா ஷூட்டிங்கைத் தொடங்கலாம்.