மற்போர்க் காலணி

மற்போர்க் காலணி என்பது மெத்தை விரிப்பின் மீது மற்போர் பயில்வோரும் போட்டியிடுவோரும் அணியும், கணுக்காலை மூடிய இலேசான காலணி ஆகும். குத்துச்சண்டைக் காலணியும் பார்வைக்கு இதனை ஒத்ததே. இரண்டிலும் குதிப்பகுதி உயர்த்தப்படுவதில்லை. அடிப்பாகம் மெல்லிய இரப்பரால் ஆனது. எனினும் தரையைப் பற்றும் தன்மையில் இவை வேறுபடுகின்றன. மண் களத்தில் வெறுங்காலுடன் நடைபெறும் குஸ்தியில் இக்காலணி பயன்படுவதில்லை.

அமைப்பு

அடிப்பாகம் மெல்லியதாக இருப்பதால் பாதம் தரைக்கு அருகில் நிற்கிறது. எடை எப்பக்கம் சாய்கிறது என்பதை வீரரால் உடனே உணர முடிகிறது. சில காலணிகளில் முன்பாதத்திற்கும் குதிகாலுக்கும் தனித்தனி இரப்பர்த் துண்டுகள் இருக்கும். இடையில் துணி மட்டுமே இருப்பதால் பாதம் எளிதில் வளையும். விரல்நுனியிலும் பக்கவாட்டிலும் இரப்பர் சற்று மேலேறியிருக்கும். மற்போரில் பாதத்தின் விளிம்பும் மெத்தையில் ஊன்றப்படுவதே இதற்குக் காரணம்.

உயர்ந்த கழுத்துப்பகுதி, பிடியின் இழுப்பில் காலணி கழன்றுவிடாமல் காக்கிறது. ஆனால் மெல்லிய துணியாலான இது கணுக்கால் சுளுக்கை முற்றிலும் தடுக்கும் என்று கருதுவது தவறு. கொக்கி, ஆணி, உலோகப் பகுதிகள் ஆகியவை போட்டிகளில் அனுமதிக்கப்படுவதில்லை. கயிறு அவிழாதபடி ஒட்டுநாடாவாலோ மடிப்பாலோ மூடப்படும்.

பிடிமானம்

எதிராளியின் காலைப் பற்றப் பாயும் மற்போர் வீரர், பின்காலின் விரல்களால் மெத்தையை உதைத்து முன்னேறுகிறார். அப்போது கால் வழுக்கினால் உந்துவிசை வீணாகி, அவர் எதிராளியின் அடியில் சிக்கிக்கொள்வார். ஆகவே இரப்பர் மென்மையாகவும் நன்கு பற்றுவதாகவும் இருத்தல் வேண்டும்.

குத்துச்சண்டையில் நிலை வேறு. பின்கையால் நேர்க்குத்து விடும்போது குதிகால் எழும்பி, முன்பாதம் கித்தான் தரையில் ஊன்றியவாறே சுழலும். இடுப்பும் தோளும் அதனைத் தொடரும். மற்போர்க் காலணியுடன் இதைச் செய்தால் பாதம் தரையில் ஒட்டி நிற்க, இடுப்பு மட்டும் திரும்பக்கூடும். அம்முறுக்கை முழங்கால் தாங்க நேரிடும். இதனை அறிவது எளிது: பயிற்சித் தரையில் முன்பாதத்தை ஊன்றி மெதுவாகத் திரும்ப வேண்டும். காலணி நின்றுவிட்டு, உள்ளே பாதம் மட்டும் முறுகினால் அது குத்துச்சண்டைக்கு ஏற்றதன்று. மாறாக, குத்துச்சண்டைக் காலணி மற்போர் மெத்தையில் போதிய பிடிமானம் தராமல் போகலாம்.

பராமரிப்பு

இக்காலணியுடன் தெருவில் நடத்தல் கூடாது. தூசு படிந்த இரப்பர் வழுக்கும். மணல் துகள்கள் அதனை விரைவில் தேய்த்துவிடும். வெளியிலிருந்து வரும் அழுக்கும் கிருமிகளும், வீரர்களின் முகமும் தோலும் உரசும் மெத்தைக்குச் சென்றுவிடும். பிடிமானம் குறைந்தால் முதலில் ஈரத்துணியால் துடைத்து உலர்த்திப் பார்க்கலாம். இரப்பர் இறுகிப் பளபளப்பாகிவிட்டால் துடைப்பதால் பெரிதும் பயனில்லை. அதிர்வைத் தாங்கும் தடிப்பு இல்லாததால் நெடுந்தூர ஓட்டத்திற்கும் இது உகந்ததன்று.

ஓய்வின் அடையாளம்

ஓய்வு பெறும் வீரர் தம் காலணிகளை மெத்தையின் நடுவில் விட்டுச் செல்வது மற்போரில் ஒரு மரபு. 2004 ஏதென்சு ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அமெரிக்க வீரர் ரூலன் கார்ட்னர் இவ்வாறு விடைபெற்றார். 2024 பாரிசு ஒலிம்பிக்கில் தமது ஐந்தாவது தொடர் தங்கத்தை வென்ற கியூபா வீரர் மிஹாயின் லோப்பசும் அவ்வாறே தம் காலணிகளை விட்டுச் சென்றார்.