புது கார்ட்ரிட்ஜ் போட்டும் ‘Cartridge Missing’ என்று வருகிறதா? இன்னொன்று வாங்கும் முன் இதைச் செய்து பாருங்க!

மை தீர்ந்துபோச்சு, கடைக்குப் போய் புது கார்ட்ரிட்ஜ் வாங்கி வந்து, கவரைப் பிரித்து பிரிண்டரில் மாட்டியாச்சு. மூடியை மூடினால், திரையில் ‘Cartridge Missing’ என்று வருகிறது. சில மாடல்களில் வாசகம் எதுவும் வராது, மைத்துளி படம் போட்ட விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரியும். கண்ணெதிரே கார்ட்ரிட்ஜ் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் பிரிண்டர் “இல்லை” என்கிறது.

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். கார்ட்ரிட்ஜே பழுது என்று நினைத்து இன்னொன்று வாங்குகிறார்கள். கவர் பிரித்ததைக் கடையில் திரும்ப எடுப்பதும் எளிதல்ல. ஆனால் இந்தப் பிழைக்குப் பல நேரங்களில் காரணம், கார்ட்ரிட்ஜுக்கும் பிரிண்டருக்கும் இடையே படிந்திருக்கும் மெல்லிய அழுக்குதான். அதைக் கண்டுபிடிப்பது எப்படி, எங்கே துடைக்கணும், எதைத் தொடவே கூடாது என்று பார்க்கலாம்.

பிரிண்டர் ஏன் ‘இல்லை’ என்கிறது?

வீடுகளில் அதிகம் இருக்கும் சிறிய இங்க்ஜெட் பிரிண்டர்களில் கறுப்புக்கு ஒன்று, கலருக்கு ஒன்று என இரண்டு கார்ட்ரிட்ஜ்கள் இருக்கும். இந்த வகையில் கார்ட்ரிட்ஜ் வெறும் மை டப்பா அல்ல. மையைத் தெளிக்கும் ஹெட்டும் அதன் அடியிலேயே இருக்கிறது. ஹெட்டுக்குள் இருக்கும் நுண்ணிய சூடேற்றிகளுக்குக் கரண்ட் போனால்தான் மைத்துளி வெளியே வரும்.

அந்தக் கரண்ட் போகும் வழிதான் கார்ட்ரிட்ஜின் ஒரு பக்கத்தில் தெரியும் செம்பு அல்லது தங்க நிறப் புள்ளிகள். இவற்றை காண்டாக்ட்ஸ் என்பார்கள். கார்ட்ரிட்ஜ் உட்காரும் தொட்டிலுக்குப் பெயர் கேரியேஜ். அதன் உள்சுவரிலும் இதே போல் சின்னச் சின்ன பின்கள், ஸ்பிரிங் மாதிரி லேசாக அமுங்கும்படி இருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று தொட வேண்டும்.

பிரிண்டருக்குக் கண் கிடையாது. மூடியை மூடியதும் இந்தப் புள்ளிகள் வழியே சிக்னல் அனுப்பி, உள்ளே இருப்பது எந்தக் கார்ட்ரிட்ஜ் என்று கேட்கிறது. பதில் வந்தால் ‘இருக்கிறது’, வராவிட்டால் ‘இல்லை’. விரல் பட்ட எண்ணெய்ப்பசை, காய்ந்த மை, தூசி இவற்றில் ஏதாவது ஒன்று நடுவில் இருந்தாலே பதில் வராமல் போகலாம். அதனால் ‘Cartridge Missing’ என்பதற்கு உண்மையான பொருள், “கார்ட்ரிட்ஜிடம் இருந்து பதில் வரவில்லை” என்பதுதான்.

துடைக்கும் முன் 3 விஷயங்களைப் பாருங்க

முதலில் டேப். புது கார்ட்ரிட்ஜின் ஹெட் மேல் ஒரு பிளாஸ்டிக் டேப் ஒட்டியிருக்கும். அதில் நீட்டிக்கொண்டிருக்கும் காதைப் பிடித்து முழுசாக இழுத்து எடுத்திருக்கணும். பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தாலும் சிக்கல்தான். அதே சமயம், செம்பு நிறத்தில் இருக்கும் பட்டையை டேப் என்று நினைத்து உரித்துவிடக் கூடாது. அதுதான் காண்டாக்ட்ஸ் இருக்கும் சர்க்யூட். உரித்தால் கார்ட்ரிட்ஜ் போச்சு.

இரண்டாவது எண். கார்ட்ரிட்ஜ் மாட்டும் கதவின் உட்பக்க ஸ்டிக்கரிலோ, கையேட்டிலோ எந்த எண் கார்ட்ரிட்ஜ் போடணும் என்று இருக்கும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு எண்கள் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது. வெளிநாட்டில் இருந்து வந்த பிரிண்டர் என்றால் இன்னும் கவனம் தேவை. சில நிறுவனங்கள் கார்ட்ரிட்ஜை நாட்டு வாரியாகப் பிரித்து விற்கின்றன.

மூன்றாவது ‘டிக்’ சத்தம். கலர் இருக்க வேண்டிய பள்ளத்தில் கறுப்பைப் போட்டிருக்கிறோமா என்று பார்த்து, சரியான இடத்தில் வைத்து, சத்தம் கேட்கும்வரை அழுத்தணும். இரண்டு கார்ட்ரிட்ஜும் ஒரே உயரத்தில் நிற்கணும். ஒன்று கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றால் அது உட்காரவில்லை.

அழுக்கு எந்தப் பக்கம்? ஒரு உதாரணம்

மூன்றும் சரி என்றால், அழுக்கு கார்ட்ரிட்ஜிலா, கேரியேஜிலா என்று கண்டுபிடிக்கணும். இதற்குப் பழைய கார்ட்ரிட்ஜே போதும். அதனால் பிரிண்டர் சரியாகும்வரை அதைக் குப்பையில் போடாதீங்க.

ஒரு டியூஷன் சென்டரை வைத்துப் பார்ப்போம். காலையில் மாதிரித் தேர்வு, இரவு 9 மணிக்கு 40 கேள்வித்தாள் எடுக்கணும். கறுப்பு தீர்ந்துவிட்டது. பழையது இரண்டு முறை ரீஃபில் செய்தது. அதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டியதும் ‘Cartridge Missing’ வருகிறது. டேப், எண், இடம் எல்லாமே சரி.

இப்போது கலர் கார்ட்ரிட்ஜை மட்டும் வெளியே எடுத்து, கதவை மூடிப் பார்க்கிறார்கள். இரண்டு கார்ட்ரிட்ஜ் போடும் பல மாடல்கள், ஒன்றை எடுத்துவிட்டாலும் மற்றதை வைத்து வேலை செய்யும். இங்கே கறுப்பு மட்டும் இருந்தும் பிழை போகவில்லை. கலரை மாட்டிவிட்டுக் கறுப்பை எடுத்ததும் பிழை போய்விடுகிறது. ஆக, சிக்கல் கறுப்புப் பக்கம்தான்.

அடுத்து, பழைய கறுப்பின் காண்டாக்ட்ஸைத் துடைத்துவிட்டு அதை மாட்டுகிறார்கள். நேற்றுவரை வேலை செய்த அதற்கும் இப்போது அதே பிழை வருகிறது. புதியதும் இல்லை, பழையதும் இல்லை என்றால், சந்தேகம் கேரியேஜ் பின்கள் மேல்தான் போகணும். ரீஃபில் செய்த கார்ட்ரிட்ஜில் இருந்து கசிந்த மை, அதை இழுத்து எடுக்கும்போது பின்களின் மேல் பூசிக்கொண்டிருக்கலாம். கேரியேஜைத் துடைத்தபோது முதல் துணியில் கருப்புக் கறை, மூன்றாவது முறை துணி சுத்தம். புது கார்ட்ரிட்ஜ் உடனே ஏற்றுக்கொள்ளப்பட்டது. பிழை இருந்த இடம் கேரியேஜ், கார்ட்ரிட்ஜ் அல்ல.

பழையதை மாட்டியதும் பிழை போயிருந்தால் கதை வேறு. பின்கள் சரி, புதியதில்தான் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

துடைக்க என்ன வேண்டும்?

நூல் பிரியாத துணி ஒன்று போதும். கண்ணாடி துடைக்கும் துணி நன்றாக இருக்கும். பஞ்சு சுற்றிய குச்சியின் இழை பின்களில் மாட்டிக்கொள்ளும் என்பதால், அதைக் கேரியேஜ் பக்கம் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. தண்ணீர் என்றால் டிஸ்டில்டு வாட்டர். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் என்று கேட்டால் ஆட்டோமொபைல் கடைகளில் கிடைக்கும். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பு, காய்ந்ததும் வெள்ளையாகப் படிந்து அதுவே தடையாகிவிடும்.

சானிடைசர் ஜெல், பெர்ஃப்யூம், பெட்ரோல் எதுவும் வேண்டாம். ரப்பரால் தேய்ப்பதும் உப்புத்தாள் போடுவதும் இன்னும் மோசம். காண்டாக்ட்ஸ் மேல் இருக்கும் பூச்சு மிக மெல்லியது. அது தேய்ந்தால் இன்று வேலை செய்தாலும் அடுத்து துரு பிடிக்கும்.

கார்ட்ரிட்ஜைத் துடைப்பது எப்படி?

பிரிண்டர் ஆனில் இருக்கும்போதே கதவைத் திறங்க. கேரியேஜ் நடுவுக்கு வந்து நின்றதும் பவர் வயரைப் பிடுங்குங்க. முதலிலேயே ஆஃப் செய்தால் கேரியேஜ் ஓரத்தில் போய் ஒதுங்கிவிடும், கை எட்டாது.

கார்ட்ரிட்ஜின் இரண்டு பக்கவாட்டையும் பிடித்து வெளியே எடுங்க. அடியில் இருப்பது மை வரும் துளைகள், அதாவது நாசில். அதைத் தொடவோ துடைக்கவோ கூடாது. துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, ஈரம் லேசாகத் தெரியும் அளவில், செம்புப் புள்ளிகளை மட்டும் துடையுங்க. நாசில் பக்கத்தில் இருந்து விலகிப் போகும் திசையில் துடைக்கணும். நாசிலில் இருந்து இழுத்தால் மை வந்து காண்டாக்ட்ஸ் மேலேயே பூசிக்கொள்ளும். ஒரு முறை துடைத்ததும் துணியின் வேறு சுத்தமான பகுதியை மாற்றுங்க. துணியில் கறை வராமல் போனால் வேலை முடிந்தது.

கார்ட்ரிட்ஜை நாசில் மேலே பார்த்தபடி ஒரு காகிதத்தின் மேல் வையுங்க. அரை மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்தால் நாசில் காய்ந்து அடைக்கும்.

கேரியேஜ் பின்களைத் துடைப்பது எப்படி?

கார்ட்ரிட்ஜ் உட்காரும் பள்ளத்தின் உள்சுவரில், கார்ட்ரிட்ஜ் புள்ளிகளுக்கு நேராகப் பின்கள் வரிசையாகத் தெரியும். செல்போன் டார்ச் அடித்துப் பாருங்க. பிழிந்த துணியை விரலில் சுற்றி, மேலிருந்து கீழாக மெதுவாகத் துடைத்து எடுங்க. குறுக்கே தேய்த்தால் பின் வளைந்துவிடலாம். வளைந்த பின்னை வீட்டில் நிமிர்த்த முடியாது. அதனால் இங்கே அழுத்தமே வேண்டாம். தண்ணீர் சொட்டவும் கூடாது.

இரண்டு பக்கமும் 10 நிமிடம் காயட்டும். பிறகு கார்ட்ரிட்ஜை ‘டிக்’ என்று மாட்டி, கதவை மூடி, வயரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இல்லாமல் நேராகச் சுவர் பிளக்கில் செருகி ஆன் செய்யுங்க. பிழை போய்விட்டால், பல மாடல்கள் புதிய கார்ட்ரிட்ஜுக்காக அலைன்மென்ட் பக்கம் ஒன்றை அச்சடிக்கும் அல்லது அச்சடிக்கவா என்று கேட்கும். அது வந்தால் கார்ட்ரிட்ஜை பிரிண்டர் ஏற்றுக்கொண்டது என்று பொருள்.

துடைத்தும் சரியாகவில்லை என்றால்?

இரண்டு முறை துடைத்தும் பிழை இருந்தால் மேலும் தேய்ப்பதில் பயனில்லை. பழையதை ஏற்றுக்கொள்ளும் பிரிண்டர் புதியதை மட்டும் மறுத்தால், புது கார்ட்ரிட்ஜ் பழுதாக இருக்க வாய்ப்பு அதிகம். பில், பெட்டி, கார்ட்ரிட்ஜ் மூன்றையும் எடுத்துக்கொண்டு வாரன்டியில் மாற்றக் கேட்கலாம். கார்ட்ரிட்ஜ் மேல் தேதி இருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்க. நல்ல கார்ட்ரிட்ஜ் இரண்டையும் பிரிண்டர் மறுத்தால், பின்னோ உள்ளே உள்ள போர்டோ பழுது. அது சர்வீஸ் சென்டர் வேலை.

திரையில் ‘Missing’ என்று இல்லாமல், இந்தக் கார்ட்ரிட்ஜ் அசல் இல்லை, இதன் சிப்பை ஏற்க முடியாது என்ற பொருளில் செய்தி வந்தால் துடைத்துப் பயனில்லை. அங்கே பிரிண்டருக்குப் பதில் வந்துவிட்டது, அந்தப் பதிலைத்தான் அது மறுக்கிறது. வேறு நிறுவனத் தயாரிப்பு அல்லது சிப் மாற்றிய கார்ட்ரிட்ஜ்களில் இப்படி நடக்கும்.

அடுத்த முறை கார்ட்ரிட்ஜ் மாற்றும்போது செம்புப் புள்ளிகள் மேல் விரல் படாமல் பக்கவாட்டில் பிடிங்க. பழையதை எடுத்ததும், புதியதைப் போடும் முன் டார்ச் அடித்துப் பின்களில் மை இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்க. இருந்தால் அப்போதே துடைத்துவிடலாம்.