கதவு திறக்கும் கணம்: பிணைப்புக் கோட்பாட்டின் ஒரு பத்தி எளிய சொற்களுக்கு வந்த வழி

குழந்தை வளர்ச்சி உளவியல் பாடநூல்களில் ஏறக்குறைய இப்படி ஒரு பத்தி இருக்கும்: “பராமரிப்பாளரின் நுண்ணுணர்வுமிக்க எதிர்வினைகள் தொடர்ந்து கிடைக்கும்போது சிசு அவரைப் பாதுகாப்புத் தளமாகக் கொண்டு சூழலை ஆராய்கிறது. அச்சுறுத்தல் உணரப்படும்போது பிணைப்பு நடத்தை அமைப்பு தூண்டப்பட்டு, அண்மை மீட்கப்பட்டதும் தணிகிறது. இவ்வனுபவங்கள் அகச் செயல்மாதிரியாக உள்வாங்கப்படுகின்றன.”

மூன்று மாதக் கைக்குழந்தையோடு இரவில் விழித்திருக்கும் ஒரு தாய்க்கோ தகப்பனுக்கோ இதனால் ஒரு பயனும் இல்லை. ஆனால் இதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு வீட்டில் உட்கார்ந்து பார்த்ததிலிருந்து வந்தது. அந்தக் காட்சிக்குத் திரும்பிப் போனால் பத்தி தானாகவே எளிமையாகிவிடுகிறது. போகாமல் எளிமையாக்கினால் பொருள் திரிந்துபோகிறது. அப்படித் திரிந்த வரலாறும் உண்டு.

லண்டன் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951-இல் ஓர் அறிக்கை எழுதினார். அவர் ஆதாரமாகக் கொண்டவை அநாதை விடுதிகள், மருத்துவமனைகள், போரில் குடும்பத்தைப் பிரிந்த பிள்ளைகள் பற்றிய பதிவுகள். தாயோ, தாயின் இடத்தில் நிலையாக இருக்கும் வேறொருவரோ நெடுங்காலம் இல்லாமற்போனால் பிள்ளையின் மனநலம் குலையும் என்பதே அவர் முடிவு. பொதுவாசகருக்காகச் சுருக்கப்பட்ட இதன் பதிப்பு 1953-இல் பெங்குவின் நூலாக வந்தது. ‘நெடுங்காலம்’ என்பதும் ‘வேறொருவர்’ என்பதும் நூலில் இருந்தன. மக்கள் நினைவில் தங்கவில்லை. தாய் ஒரு பொழுதும் பிள்ளையை விட்டு அகலக் கூடாது என்பதாக அது பலர் காதில் விழுந்தது. விடுதியில் பெற்ற ஆதாரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்ததுதான் பிழை. ஸ்காட்லாந்தில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஷாஃபரும் எமர்சனும் 1964-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் தாயோடு மட்டுமன்றி அப்பா, பாட்டி, தாத்தா, அண்ணன், அக்கா என ஒன்றுக்கு மேற்பட்டவர்களோடு பிணைப்புக் கொண்டிருந்தன.

பத்தியின் முதல் வாக்கியம் வேறொருவரின் உழைப்பு. மேரி ஐன்ஸ்வர்த் டொரொண்டோவில் படித்தபோது, அவருடைய ஆசிரியர் வில்லியம் பிளாட்ஸ், பெற்றோரிடம் கிடைக்கும் பாதுகாப்புணர்வே பிள்ளைக்குப் புதியதை அணுகும் துணிவைத் தருகிறது என்று கற்பித்தார். பின்னர் லண்டனில் பௌல்பியோடு பணியாற்றிய ஐன்ஸ்வர்த், கணவரின் வேலை காரணமாக உகாண்டா சென்று, 1954-55-இல் கம்பாலாவை அடுத்த ஊர்களில் 26 குடும்பங்களைப் பார்த்தார். தவழும் பிள்ளை அம்மாவை விட்டு நகரும், திரும்பிப் பார்க்கும், ஓடிவந்து ஒருமுறை தொட்டுவிட்டு மறுபடி போகும். பாதுகாப்புத் தளம் என்பது இதுதான். மேலும் மேலும் ஒட்டிக்கொள்வதல்ல, விட்டுப் போகத் துணிவது.

அமெரிக்காவின் பால்டிமோரில் மேலும் 26 குடும்பங்களை அவருடைய குழு ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் அளவில், ஓராண்டு வீட்டிலேயே இருந்து கவனித்தது. அங்கே ஒரு சிக்கல். உகாண்டாக் குழந்தைகள் அம்மா அறையை விட்டுப் போனாலே கலங்கின. பால்டிமோர்க் குழந்தைகளோ அம்மா போவதும் வருவதும் பழகிப்போனதால் வீட்டில் அவ்வளவாகக் கலங்கவில்லை. ஆகவே பழக்கமில்லாத ஓர் அறையில் அந்த நிலையை உண்டாக்க வேண்டியதாயிற்று. இதிலிருந்து பிறந்ததுதான் ‘அந்நியச் சூழல்’ சோதனை. ஒரு வயதையொட்டிய குழந்தைக்கு, எட்டுக் கட்டங்களாக, மொத்தம் இருபது நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதல். தாயும் பிள்ளையும் பொம்மைகளோடு இருப்பார்கள். அறிமுகமற்ற பெண் வருவாள். தாய் வெளியே போவாள், வருவாள். அந்தப் பெண் போய்விடுவாள், தாயும் மறுபடி போவாள், பிள்ளை தனியே இருக்கும். அந்தப் பெண் வருவாள். கடைசியில் தாய் வருவாள். முதல் கட்டம் தவிர மற்றவை சுமார் மூன்று நிமிடம். பிள்ளை மிகவும் அழுதால் பிரிவைச் சுருக்கிவிடுவார்கள்.

இங்கே அழுகையைத்தான் கணக்கிடுவார்கள் என்று நம்மில் பெரும்பாலோர் நினைப்போம். ஐன்ஸ்வர்த் கதவு திறக்கும் கணத்தைப் பார்த்தார். ஒரு பிள்ளை விம்மி விம்மி அழுகிறது. அம்மா தூக்கியதும் கழுத்தில் புதைகிறது. சிறிது நேரத்தில் தேறி இறங்கி மீண்டும் பந்தை எடுக்கிறது. இது பாதுகாப்பான பிணைப்பு. இன்னொன்று கொஞ்சமும் அழவில்லை. அம்மா திரும்பி வந்ததும் முகத்தைத் திருப்பி பொம்மையைப் பார்க்கிறது. ‘சமர்த்து, தனியா இருக்கும்’ என்று நாம் மெச்சிவிடுவோம். ஆனால் 1977-இல் ஸ்ரூஃப், வாட்டர்ஸ் ஆகியோர் இதயத் துடிப்பை அளந்தபோது, வெளியே அமைதியாகத் தெரிந்த அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கும் துடிப்பு ஏறியிருந்தது. மூன்றாவது பிள்ளை தூக்கச் சொல்லி அழும், தூக்கினால் உதறும், சமாதானமாகாது. அழாமை நல்ல அறிகுறி என்றும், அழுகை கெட்ட அறிகுறி என்றும் பெற்றோர் செய்யும் கணக்கு இங்கே உடைந்துபோகிறது.

வீட்டுக் குறிப்புகளோடு ஒப்பிட்டபோது வந்த சொல்தான் ‘நுண்ணுணர்வு’. அதை ஐன்ஸ்வர்த் நான்காகப் பிரித்தார்: குழந்தையின் சைகையைக் கவனிப்பது, சரியாகப் புரிந்துகொள்வது, பொருத்தமாகப் பதில் தருவது, தாமதியாமல் தருவது. இரண்டாவதில் தடுமாறுவது எளிது. கிலுகிலுப்பையைப் பார்த்துச் சிரித்த குழந்தை திடீரென்று தலையைத் திருப்பிக்கொள்கிறது. ‘சலிப்போ?’ என்று இன்னும் ஓங்கி ஆட்டுகிறோம். அது கேட்டது இளைப்பாறல். நாம் நிறுத்திக் காத்திருந்தால் சற்று நேரத்தில் அதுவே நம்மைத் திரும்பிப் பார்க்கும்.

இதில் தவறாமலிருப்பது யாராலும் முடியாது, தேவையுமில்லை. தாயும் குழந்தையும் முகம் பார்த்து விளையாடும் காட்சிகளைப் பதிவுசெய்து ஆராய்ந்த எட்வர்ட் ட்ரோனிக், இருவரும் ஒத்திசைந்திருப்பது மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்கும் குறைவாகவே என்று கண்டார். மற்ற நேரம் பிசகுவதும் சரிசெய்துகொள்வதுமாகவே கழிகிறது. தாயின் நுண்ணுணர்வுக்கும் பிள்ளையின் பிணைப்புக்கும் தொடர்பு உண்டு என்பதை 1997-இல் 66 ஆய்வுகளைத் தொகுத்த டி வுல்ஃபும் ஐசெண்டூர்னும் உறுதிசெய்தார்கள். ஆனால் அது மிதமான தொடர்பே. ஆகவே ஒரு நாள் கத்திவிட்டோம் என்பதிலிருந்து எதையும் கணித்துவிட முடியாது. அந்நியச் சூழல் சோதனையும் பயிற்சி பெற்றவர்கள் குறியிடுவது. மழலையர் பள்ளி வாசலில் பிள்ளை நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து வீட்டில் முத்திரை குத்தலாகாது.

‘அகச் செயல்மாதிரி’ என்பது பௌல்பியின் சொல். தன்னைப் பார்த்துக்கொள்பவர்கள் இனி எப்படி நடந்துகொள்வார்கள் என்று பிள்ளை பழக்கத்திலிருந்து வைத்துக்கொள்ளும் எதிர்பார்ப்பு என்று படித்தால் போதும்.

அந்தப் பத்தியை முதல் குழந்தை பெற்றவருக்கு இப்படிச் சொல்லலாம்:

“உங்கள் பிள்ளை கூப்பிடும்போது, பசியா, தூக்கமா, ஓய்வா என்று பார்த்துப் பெரும்பாலும் பதில் கொடுத்துவந்தால், நீங்கள் அருகில் இருக்கும் நம்பிக்கையில் அது நகர்ந்து விளையாடப் போகும். பயந்தால் உங்களிடம் வரும். தூக்கினால் தேறி மீண்டும் போகும். நாளடைவில், ‘கூப்பிட்டால் யாராவது வருவார்கள்’ என்று எதிர்பார்க்கக் கற்றுக்கொள்ளும். அந்த யாராவது நீங்கள் மட்டுமாக இருக்க வேண்டியதில்லை.”