குழந்தை நாணயத்தை விழுங்கினால்... காத்திருப்பதா, உடனே அகற்றுவதா? எக்ஸ்ரேயைப் பார்த்து மருத்துவர்கள் முடிவெடுப்பது எப்படி?

மும்பை: தவழும், நடை பழகும் வயதுக் குழந்தைகள் தவறுதலாக விழுங்கும் பொருள்களில் முதலிடத்தில் இருப்பது நாணயம். அதே அளவு நாணயத்தை விழுங்கிய இரு குழந்தைகளில் ஒன்றை வீட்டுக்கு அனுப்பும் மருத்துவர்கள், மற்றொன்றை அறுவை அரங்குக்கு அழைத்துச் செல்வதுண்டு. நாணயம் எங்கே நிற்கிறது என்பதும், குழந்தைக்கு என்ன அறிகுறிகள் உள்ளன என்பதுமே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். பாண்டுப் பகுதியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இரவு 9 மணிக்கு 2 ரூபாய் நாணயத்தை விழுங்கிவிடுகிறது எனக் கொள்வோம். மருத்துவமனையில் கழுத்து முதல் வயிறு வரை எக்ஸ்ரே எடுக்கப்படுகிறது. காறை எலும்பின் உயரத்தில் முழு வட்டமாக நாணயம் தெரிகிறது. முன்பக்க எக்ஸ்ரேயில் வட்டமாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் உணவுக்குழாயில் இருக்கிறது என்று பொருள். மூச்சுக்குழாயில் சிக்கிய நாணயம் வழக்கமாக மெல்லிய கோடு போலத் தெரியும்.

அடுத்து மருத்துவர்கள் கவனிப்பது, அது உண்மையில் நாணயம்தானா என்பதை. 2019இல் அறிமுகமான 1 ரூபாய் நாணயத்தின் விட்டம் 20 மி.மீ. பொம்மைகளிலும் ரிமோட்டுகளிலும் உள்ள 2032 வகை வட்ட பேட்டரியின் விட்டமும் அதுவே. எக்ஸ்ரேயில் பேட்டரியின் விளிம்பை ஒட்டி உள்ளே மற்றொரு வளையம் தெரியும். பக்கவாட்டுப் படத்தில் அதன் ஓரம் படிபோல் இருக்கும். உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரி இரண்டு மணி நேரத்திலேயே திசுவை அரிக்கத் தொடங்கிவிடும். ஆகவே அது பேட்டரியாக இருந்தால் காத்திருத்தல் என்ற பேச்சுக்கே இடமில்லை. வயிறு காலியாக இல்லாவிட்டாலும் உடனே அகற்றப்படும்.

நாணயம் என்று உறுதியானால் அறிகுறிகள் பார்க்கப்படுகின்றன. எச்சில் ஓயாமல் வடிதல், தண்ணீர்கூட விழுங்க முடியாமை, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அவசரமாக அகற்றுவார்கள். நம் எடுத்துக்காட்டுக் குழந்தை விளையாடிக்கொண்டிருக்கிறது, எச்சிலை விழுங்குகிறது. இத்தகைய நிலையில் 24 மணி நேரத்துக்குள் அகற்றினால் போதும். திட உணவு உட்கொண்டு ஆறு மணி நேரம் கழிந்தபின் மயக்க மருந்து கொடுப்பது பாதுகாப்பானது என்பதால், மறுநாள் காலை வரை குழந்தையை மருத்துவமனையில் கண்காணிப்பில் வைக்கலாம்.

காலையில் மயக்க மருந்து கொடுப்பதற்குச் சற்று முன் மீண்டும் ஓர் எக்ஸ்ரே எடுக்கப்படும். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு நாணயம் இதற்குள் தானாகவே இரைப்பைக்கு இறங்கியிருக்கும். அப்போது சிகிச்சை தேவைப்படாது. இறங்காவிட்டால் எண்டோஸ்கோப்பி மூலம் வாய்வழியாக நாணயம் எடுக்கப்படும். ஒரு நாளுக்கு மேல் அதே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தால் உணவுக்குழாயின் சுவர் புண்ணாகும் என்பதே காலக்கெடுவுக்குக் காரணம்.

இரைப்பையை அடைந்துவிட்ட நாணயம் பெரும்பாலும் மலத்தில் வெளியேறிவிடும். வழக்கமான உணவே போதும், மலமிளக்கி தேவையில்லை. பெற்றோர் மலத்தைக் கவனித்துவர வேண்டும். நாணயம் தென்படாவிட்டால் ஓரிரு வாரங்களில் மறு எக்ஸ்ரே எடுக்கப்படும். இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குப் பிறகும் இரைப்பையிலேயே இருந்தால் அகற்றுவார்கள். 27 மி.மீ. விட்டமுள்ள 10 ரூபாய் போன்ற பெரிய நாணயங்கள் சிறு குழந்தைகளின் இரைப்பை வாயில் தங்கிவிட வாய்ப்பு அதிகம்.

கேரள மாநிலம் ஆலுவாவில் 2020 ஆகஸ்டில் நாணயம் விழுங்கிய மூன்று வயதுச் சிறுவன், மூன்று அரசு மருத்துவமனைகளுக்கு அழைத்துச் செல்லப்பட்டு வீடு திரும்பிய பின் உயிரிழந்தது பெரும் சர்ச்சையானது. பிரேதப் பரிசோதனையில் நாணயம் பெருங்குடல் வரை இறங்கியிருந்ததும், மரணத்துக்கு அது காரணமல்ல என்பதும் தெரியவந்தன. நாணயம் இறங்கிவிட்டது என்பது குழந்தை நலமாக இருக்கிறது என்பதற்கான சான்றாகாது. வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தைக்குத் தொடர் வாந்தி, வயிற்றுவலி, காய்ச்சல், மலத்தில் இரத்தம், மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும், காரணம் எதுவாக இருப்பினும், அப்போதே மீண்டும் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடாதவை: தொண்டைக்குள் விரலை விடுதல், வாந்தி எடுக்கச் செய்தல், நாணயத்தை இறக்குவதற்காகச் சோற்று உருண்டையோ வாழைப்பழமோ கொடுத்தல். உணவு கொடுத்தால் மயக்க மருந்து கொடுக்கும் நேரமும் தள்ளிப்போகும். அதே வகை நாணயம் வீட்டில் இருந்தால் அதையும், பேட்டரி என ஐயம் இருந்தால் அந்தப் பொம்மையையும் கையோடு எடுத்துச் செல்வது மருத்துவருக்கு உதவும்.