காத்திருப்பு மின்நுகர்வு

காத்திருப்பு மின்நுகர்வு என்பது ஒரு மின்கருவி தன் வேலையைச் செய்யாமல், இணைப்பில் மட்டும் இருக்கும்போது இழுக்கும் மின்சாரம். இதன் அளவு கருவிக்குக் கருவி மாறும். போன் செருகப்படாத இன்றைய சார்ஜர் சுமார் 0.1 வாட், ரிமோட்டில் அணைத்த எல்இடி டிவி சுமார் 0.5 வாட் இழுக்கும். செட்டாப் பாக்ஸோ, அணைத்த பிறகும் சிக்னலைப் பெற்றுக்கொண்டிருந்தால் 10 வாட் வரை இழுக்கக்கூடும்.

வரலாறு: காத்திருப்பு நுகர்வை 1 வாட்டுக்குள் அடக்கும் திட்டத்தைப் பன்னாட்டு எரிசக்தி முகமை 1999-இல் முன்வைத்தது.

ஆண்டுச் செலவு: சென்னை வேலப்பன்சாவடியில் ஒரு வீட்டில் டிவி நாளுக்கு 4 மணி நேரம் ஓடுவதாகவும், யூனிட் விலை 5 ரூபாய் எனவும் கொண்டால், மீதி 20 மணி நேரத்தில் 10 வாட் செட்டாப் பாக்ஸ் ஆண்டுக்கு 73 யூனிட், அதாவது 365 ரூபாய் செலவாக்கும். டிவிக்குச் சுமார் 18 ரூபாய். நாள் முழுதும் செருகியிருக்கும் சார்ஜருக்குச் சுமார் 4 ரூபாய். தமிழகத்தில் இருமாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், அதற்குள் அடங்கும் வீட்டுக்கு இச்செலவு இல்லை.

கண்டறிதல்: சோதிக்கும் கருவியைத் தவிர மற்றவற்றின் சுவிட்சுகளை அணைத்துவிட்டு மீட்டர் விளக்கைக் கவனிக்கலாம். 3200 imp/kWh எனக் குறித்த மீட்டரில் 10 வாட் சுமைக்கு ஏறத்தாழ 112 நொடிக்கு ஒருமுறை விளக்கு மினுக்கும். சுவரிலுள்ள சுவிட்சை அணைத்தால் நுகர்வு முழுதும் நிற்கும்.